பூஸ்ட் ஏட்டில் ஏறிய நாள்: வளர்த்த நற்பெயரும் வாங்கிய நற்பெயரும்

பூஸ்ட் 1970-களில் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட பானம். கபில்தேவும் சச்சினும் விளம்பரத்தில் வந்தார்கள், தமிழ்நாட்டில் பல வீட்டு அலமாரிகளில் அந்த டப்பா நிரந்தரமாக இடம் பிடித்தது. இத்தனை ஆண்டுகளில் பூஸ்ட் என்ற பெயருக்கு அதை வளர்த்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் என்ன மதிப்பு இருந்தது? ஒன்றும் இல்லை. ஆலை இருந்தது, இயந்திரம் இருந்தது, கிடங்கில் மால்ட் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

2020 ஏப்ரல் 1 அன்று அந்த நிறுவனம், அதாவது இந்தியாவின் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர், இந்துஸ்தான் யூனிலீவரோடு இணைந்தது. பூஸ்ட்டின் சுவையோ விற்பனையோ ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பூஸ்ட் ஒரு சொத்தாகக் கணக்கேட்டில் ஏறிவிட்டது. இணைப்புக்கு முன்பு இந்துஸ்தான் யூனிலீவரின் மொத்தச் சொத்து 20,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஓராண்டு கழித்து அது ஏறக்குறைய 68,000 கோடி. கூடியதில் பெரும்பகுதி கையால் தொட முடியாதது: நற்பெயர் என்ற தலைப்பில் சுமார் 17,300 கோடி, மற்ற புலனாகாச் சொத்துகள் என்ற தலைப்பில் ஏறக்குறைய 28,000 கோடி. இரண்டாவதில் மிகப் பெரும்பங்கு ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற பிராண்டுகளுடையது.

அதே இருப்புநிலைக் குறிப்பில் லைஃப்பாயைத் தேடிப் பாருங்கள். 1895-லிருந்து இந்தியாவில் விற்கும் சோப்பு அது. 1959-ல் வந்த சர்ஃபையும் தேடுங்கள். நிறுவனம் வளர்த்த பெயர்களான இவற்றுக்கு அங்கே மதிப்பு கிடையாது. ஆனால் 2016-ல் கேரள நிறுவனம் ஒன்றிடமிருந்து சுமார் 330 கோடிக்கும், பிற்கால விற்பனையில் ஒரு பங்குக்கும் வாங்கிய இந்துலேகா என்ற தலைமுடி எண்ணெய்க்கு உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பெயர் எழுதாமல் தத்தெடுத்த பிள்ளைக்கு மட்டும் ரேஷன் கார்டில் பெயர் எழுதியதுபோலத் தோன்றும். ஏன் இப்படி?

செலவைத் தனியே பிரிக்க முடியாது

தென்மாவட்டத்தில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒருவருக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். முப்பது ஆண்டுத் தொழில், தன் அப்பா பெயரில் பிராண்ட். ஆண்டு விற்பனை பத்துக் கோடியைத் தொட்ட சமயத்தில், பக்கத்து ஊரில் மூடவிருந்த ஒரு ஊறுகாய் பிராண்டை 40 லட்சத்துக்கு வாங்கினார். வங்கிக்குக் கொடுக்க இருப்புநிலைக் குறிப்பை நீட்டியதும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது, படுத்துக் கிடந்த ஊறுகாய்க்கு 40 லட்சம் போட்டிருக்கீங்க. எங்கப்பா பேருக்கு ஒண்ணையும் காணோமே?"

"அந்தப் பேருக்கு நீங்க எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி, போட்டுருவோம்" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். சுவர் விளம்பரம் எழுதிய கூலி, கோயில் கொடைக்கு அடித்த நோட்டீஸ், கடைக்காரர்களுக்குக் கொடுத்த தள்ளுபடி, மிளகாய் விலை ஏறிய ஆண்டில் பாக்கெட் விலையை ஏற்றாமல் தாங்கிய நட்டம் எல்லாவற்றையும் சொன்னார். பெயர் இவற்றால்தான் வளர்ந்தது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சுவர் விளம்பரத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயிலும் எத்தனை பைசா அந்த மாத விற்பனைக்குப் போனது, எத்தனை பைசா பத்து ஆண்டு நிலைக்கும் பெயருக்குப் போனது? அதை அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்தச் செலவெல்லாம் அந்தந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் ஏற்கெனவே கழிந்தும் போய்விட்டது.

புலனாகாச் சொத்துகளுக்கான இண்ட் ஏ.எஸ். 38 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை தடை போடுவது இந்த இடத்தில்தான். தானே உருவாக்கிய நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று அது நேராகவே சொல்கிறது. தானே வளர்த்த பிராண்ட், பத்திரிகைத் தலைப்பு, வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றுக்கும் அதே தடை. காரணம், இவற்றுக்கான செலவைத் தொழிலை ஒட்டுமொத்தமாக வளர்க்கும் செலவிலிருந்து பிரிக்க முடியாது என்பது. சிறு நிறுவனங்களுக்குப் பொருந்தும் ஏ.எஸ். 26-ம் இதையே சொல்கிறது. பெயருக்கு மதிப்பில்லை என்று இரண்டு தரநிலையும் எங்கேயும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள்.

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது வேறு வடிவத்தில் பழக்கமானதுதான். புதிய கூட்டாளி சேரும்போது உயர் இலாப முறையில் நற்பெயரை மதிப்பிடுவோம். ஆனால் அந்தத் தொகையைச் சொத்தாக ஏட்டில் நிறுத்துவதில்லை. புதியவர் தன் பங்குக்கான நற்பெயரைக் கொண்டுவர, அது பழைய கூட்டாளிகளின் முதல் கணக்குகளுக்குத் தியாக விகிதத்தில் போய்ச் சேரும். அதோடு முடிந்தது.

சொந்தமாக மதிப்பிட்டால் என்ன ஆகும்

செலவு தெரியாவிட்டால் போகட்டும், இன்றைய மதிப்பைக் கணக்கிட்டுப் போடலாமே என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. பிராண்டை மதிப்பிட அதிகம் பயன்படும் முறை, ராயல்டி மிச்சம் பார்ப்பது. இந்தப் பெயர் நம்முடையதாக இல்லாமல் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்போம் என்று பார்த்து, அந்த மிச்சத்தின் இன்றைய மதிப்பைப் போடுவது.

அவர் பிராண்டுக்கே போட்டுப் பார்த்தோம். விற்பனை 10 கோடி, ராயல்டி 4 சதவீதம் என்று வைத்தால் 40 லட்சம். வரி 25 சதவீதம் போக 30 லட்சம். இந்த வருமானம் வளராமல் என்றைக்கும் வரும் என்று கொண்டு 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 2.5 கோடி. ஆண்டுக்கு 4 சதவீதம் வளரும் என்று ஓர் அனுமானத்தை மட்டும் மாற்றினால் 3.75 கோடி. ராயல்டியையும் 5 சதவீதமாக்கினால் ஏறக்குறைய 4.7 கோடி. மூன்றுமே வாதாடி நிறுத்தக்கூடிய அனுமானங்கள்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி, அதை முடிவு செய்பவரோ கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1988-ல் பிரிட்டனின் ரேங்க்ஸ் ஹோவிஸ் மெக்டூகல் என்ற ரொட்டி, மாவு நிறுவனம், தன்னை மலிவு விலைக்கு வளைத்துப் போட முயன்றவர்களைத் தடுக்கும் போராட்டத்துக்கு நடுவில், தன் பிராண்டுகளுக்கு 67.8 கோடி பவுண்ட் மதிப்புப் போட்டு இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றியது. வாங்கியவை மட்டுமல்ல, தானே வளர்த்தவையும் அதில் அடக்கம். சட்டப்படி அன்றைக்கு அது தவறில்லை. ஆனால் அதைச் சுற்றி எழுந்த விவாதம்தான் தரநிலை எழுதுபவர்களை இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொல்ல வைத்தது. என் கருத்தில், தடையின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. மதிப்பு கூடிக் காட்ட வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவரிடமே தராசைக் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது மட்டும் எது மாறுகிறது

கூர்மையான வாசகர் இங்கே ஒன்றைக் கேட்பார். பூஸ்ட்டை ஏட்டில் ஏற்றும்போதும் இதேபோன்ற மதிப்பீட்டு முறையைத்தானே பயன்படுத்துகிறார்கள்? அதே அனுமானங்கள்தானே? ஆமாம். வேறுபாடு, மொத்தத் தொகை ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதில் இருக்கிறது. ஒருவருக்கொருவர் கட்டுப்படாத இரண்டு தரப்பு பேரம் பேசி ஒரு விலையில் நின்றுவிட்டது. மதிப்பீட்டாளர் வேலை அந்த விலையைப் பங்கு பிரிப்பது மட்டும். பிராண்டுக்குக் கூடப் போட்டால் மிஞ்சும் நற்பெயர் குறையும். குறைத்துப் போட்டால் நற்பெயர் கூடும். கூட்டுத்தொகையைத் தாண்டி யாரும் எதையும் உண்டாக்க முடியாது.

பிரிக்கும் வரிசை இப்படிப் போகும். முதலில் ஆலை, இயந்திரம், சரக்கு, கையிருப்புப் பணம் எல்லாம் அன்றைய நியாய மதிப்பில் வருகின்றன. பிறகு, விற்றவர் ஏட்டில் இல்லாவிட்டாலும் தனியாக அடையாளம் காட்டக்கூடிய புலனாகாச் சொத்துகள். அதற்கு இரண்டில் ஒரு தகுதி போதும்: தனியாகப் பிரித்து விற்கவோ வாடகைக்கு விடவோ முடிய வேண்டும், அல்லது ஒப்பந்தத்தாலோ சட்டத்தாலோ வந்த உரிமையாக இருக்க வேண்டும். வணிகச் சின்னம் இரண்டிலும் தேறும். பழக்கப்பட்ட ஊழியர் கூட்டம் தேறாது, ஏனென்றால் அவர்கள் நாளைக்கே வேலையை விட்டுப் போகலாம். வாங்கியவர் அவர்களுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருப்பார், ஆனால் அது தனிச் சொத்தாக வராமல் நற்பெயருக்குள் போய்விடும். கடன்களைக் கழித்து, எல்லாம் எழுதி முடித்த பிறகும் கொடுத்த விலையில் மிச்சம் இருந்தால் அதுதான் வாங்கிய நற்பெயர். நற்பெயரை யாரும் நேராக அளப்பதில்லை, கழித்துக் கழித்துக் கடைசியில் நிற்பது அது.

அந்தக் கழித்தலில் ஓர் இடம் பலரைக் குழப்பும். பிராண்டுக்கு ஏட்டில் பெரிய மதிப்பு வந்து, வருமான வரிக் கணக்கில் அந்த மதிப்பு இல்லாவிட்டால், பின்னால் வரக்கூடிய வரிக்காக ஒரு பொறுப்பை எழுத வேண்டும். பொறுப்பு கூடினால் நிகரச் சொத்து குறையும், அந்த அளவுக்கு நற்பெயர் வீங்கும். ஆகவே ஒரு நிறுவனத்தின் நற்பெயர்த் தொகை முழுவதும் வாடிக்கையாளர் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் ஒரு பகுதி இரட்டைப் பதிவு முறையின் விளைவு.

விலை என்ற தராசும் ஆடும்

விலை இருப்பதால் நம்பகம் வருகிறது என்றேன். எவ்வளவு நம்பகம் என்பதை இதே இணைப்பில் பார்க்கலாம். 2018 டிசம்பரில் இணைப்பை அறிவித்தபோது அதன் மதிப்பு 31,700 கோடி ரூபாய். ஆனால் பணமாகக் கொடுக்கவில்லை. கிளாக்ஸோவின் ஒரு பங்குக்கு இந்துஸ்தான் யூனிலீவரின் 4.39 பங்கு என்று பேசி முடித்தார்கள். மொத்தம் சுமார் 18.46 கோடிப் புதிய பங்குகள். அறிவித்த சமயத்தில் ஒரு பங்கின் விலை ஏறக்குறைய 1,717 ரூபாய். இணைப்பு முடிந்த 2020 ஏப்ரல் 1-ல் அது ஏறக்குறைய 2,180. தரநிலைப்படி கைமாறும் நாளின் விலைதான் செல்லும். ஆகவே ஏட்டில் ஏறிய விலை 40,242 கோடி. ஹார்லிக்ஸ் என்ற பெயரின் இந்திய உரிமையைக் கிளாக்ஸோவின் தாய் நிறுவனத்திடமிருந்து தனியாக வாங்கிய 3,045 கோடி இதற்கு மேல்.

அதே நிறுவனம், அதே பூஸ்ட், அதே 4.39. நடுவில் 8,500 கோடி கூடிவிட்டது. கூடியது வாங்கப்பட்ட நிறுவனத்தின் விலை அல்ல, வாங்கியவரின் பங்கு விலை. அந்தப் பங்கு விலை ஏன் ஏறியது? லைஃப்பாயும் சர்ஃபும் ஏட்டில் எழுதப்படாத மற்றப் பெயர்களும் தாங்கிப் பிடிக்கும் நிறுவனத்தின் மீது சந்தைக்கு இருந்த நம்பிக்கைதான் அதில் பெரிய பங்கு. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முன்வாசலில் தடுத்து நிறுத்திய சொந்த நற்பெயர், பங்கு விலை என்ற பின்வாசல் வழியாக, வாங்கிய நற்பெயர் என்ற பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. தரநிலையை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். வேறு எந்த நாளின் விலையை எடுத்தாலும் இதைவிட மோசமான கேள்விகள் வரும். ஆனால் பங்கு மாற்றில் நடந்த இணைப்பின் நற்பெயரைப் பார்க்கும்போது, பங்கு எந்த விலையில் நின்ற நாளில் அது எழுதப்பட்டது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

ஏறிய பிறகு

ஏறிய நற்பெயரைப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் போக்கெழுதுவதில்லை. ஆயுள் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாத பிராண்டுகளும் அப்படியே, ஹார்லிக்ஸ் அந்த வகையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதில் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்புச் சரிவுச் சோதனை. அந்தத் தொழில்பிரிவு இனிமேல் ஈட்டப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு ஏட்டு மதிப்பைவிடக் குறைந்தால், குறைந்த அளவை நட்டமாக எழுத வேண்டும். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிராஃப்ட் ஹெய்ன்ஸ் 1,540 கோடி டாலரை இப்படி ஒரே நேரத்தில் எழுதியது. அடுத்த நாள் பங்கு விலை கால்பங்குக்கு மேல் விழுந்தது. ஏ.எஸ். 14-ஐப் பின்பற்றும் சிறு நிறுவனங்களுக்கு வேறு வழி: இணைப்பில் வந்த நற்பெயரை வழக்கமாக ஐந்து ஆண்டுக்குள் போக்கெழுதிவிட வேண்டும்.

சோதனையில் ஒரு பலவீனம் உண்டு. வாங்கிய தொழிலைத் தனியாக வைத்துச் சோதிப்பது அரிது. அது ஏற்கெனவே இருக்கும் பிரிவோடு கலந்துவிடும். அந்தப் பிரிவில் ஏட்டில் எழுதாத பழைய நற்பெயர் நிறைய இருந்தால், வாங்கிய பகுதி தேய்ந்தாலும் பழையதன் நிழலில் சோதனை தேறிவிடும். உண்மையில், வாங்கிய நாளில் இருந்த வாடிக்கையாளர் விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, புது விளம்பரத்தால் வளர்ந்த விசுவாசம் அதன் இடத்துக்கு வருகிறது. ஏட்டில் எண் மட்டும் அசையாமல் நிற்கிறது. தரநிலைக்கும் இது தெரியும். நற்பெயரில் ஒருமுறை எழுதிய சரிவை, பின்னால் நிலைமை தேறினாலும் திருப்பி ஏற்றக் கூடாது என்று இண்ட் ஏ.எஸ். 36 தடுப்பதற்கு அது சொல்லும் காரணமே, திரும்பி வந்த மதிப்பு வாங்கியதாக இருக்காது, தானே வளர்த்ததாகத்தான் இருக்கும் என்பது.

தானே உருவாக்கியதில் ஏட்டுக்குள் வர வாய்ப்புள்ளதும் ஒன்று உண்டு, அது புது மருந்து, மென்பொருள், வாகன மாதிரி போன்றவற்றின் உருவாக்கச் செலவு. தேடும் கட்டத்தின் செலவு அப்போதே செலவாகிவிடும். தொழில்நுட்பம் கைகூடும், விற்று வருமானம் வரும், செலவைத் தனியே அளக்க முடியும் என்பது உள்ளிட்ட ஆறு நிபந்தனைகளைக் காட்டிய நாளுக்குப் பிறகு ஆகும் செலவு சொத்தாகலாம். பெயர் வளர்ப்பதில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் தனிச் செலவுக் கணக்கு.

இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுபவர்களை இந்த வேறுபாடு கடுமையாக ஏமாற்றும். இந்துஸ்தான் யூனிலீவர் இணைப்புக்கு முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 6,700 கோடி இலாபத்தை ஏறக்குறைய 8,000 கோடி சொந்த நிதியில் ஈட்டியது. 80 சதவீதத்துக்கு மேல். அடுத்த ஆண்டு இலாபம் 7,950 கோடிப் பக்கம் உயர்ந்தது, ஆனால் சொந்த நிதி 47,000 கோடியைத் தாண்டியதால் விகிதம் 17 சதவீதத்துக்கு இறங்கியது. தொழில் கெட்டுவிட்டது என்று அதைப் படிப்பவர் தவறாகப் படிக்கிறார். முதல் எண் எழுதாத பெயர்களால் வீங்கியது, இரண்டாவது எண்ணில் எழுதிய பெயர்களின் கனம் இருக்கிறது. நான் ஒப்பிடும்போது வாங்கிய நற்பெயரையும் வாங்கிய பிராண்டையும் கழித்து ஒருமுறை, கழிக்காமல் ஒருமுறை என்று இரண்டு கணக்குப் போடுவேன். முதலாவது தொழில் எப்படி ஓடுகிறது என்று காட்டும். இரண்டாவது, நிர்வாகம் வாங்கியதற்குக் கொடுத்த விலை திரும்பி வருகிறதா என்று காட்டும்.

அண்ணாச்சி கடைசியாகக் கேட்டது வரியைப் பற்றி. "நாளைக்கு இந்தப் பேரை வித்தா, அப்பவாவது எங்கப்பா பேருக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கணக்கு பாப்பாங்களா?" அவருக்கு நான் சொன்னது ஓர் ஊதுபத்தி நிறுவனத்தின் கதை. பெங்களூருவில் ஊதுபத்தி தயாரித்த கூட்டாண்மை ஒன்று, கலைந்தபோது தன் தொழிலை நற்பெயரோடு மற்றொரு நிறுவனத்துக்கு விற்றது. அதன் மீது மூலதன ஆதாய வரி போட முடியுமா என்ற வழக்கு, பி.சி. ஸ்ரீநிவாச செட்டி வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. தானே வளர்ந்த நற்பெயருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை, எப்போது உண்டானது என்றும் சொல்ல முடியாது, ஆகவே ஆதாயத்தைக் கணக்கிடவே வழியில்லை, வரியும் இல்லை என்று 1981-ல் தீர்ப்பு வந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். முதலில் நற்பெயருக்கும், பின்னால் வணிகச் சின்னத்துக்கும், பிராண்ட் பெயருக்கும், தானே உருவாக்கியிருந்தால் வாங்கிய விலை சுழி என்று எழுதிவிட்டார்கள்.

"அப்போ விக்கிற காசு முழுக்க லாபமா?"

"ஆமா அண்ணாச்சி. அதே காசு வாங்குறவர் ஏட்டில் சொத்து."

அவர் இருப்புநிலைக் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வங்கிக்குக் கொடுக்க அப்பா பெயரின் விற்பனைக் கணக்கைப் பத்து ஆண்டுக்கு எடுத்துத் தரச் சொன்னார். சரியான யோசனை அது. ஏட்டில் ஏறாத பெயருக்கு வங்கி மேலாளர் பார்க்கக்கூடிய சாட்சி அந்தத் தாள்கள்தான். அன்று சாயங்காலமே எடுத்துக் கொடுத்தேன்.